தொண்டையும் குரலும் – 9: எண்ணெய் எதுவரை போகும்?

அந்த ஆசிரியை ஒரு சின்ன பாட்டிலோடு வந்திருந்தார். அன்று காலை வாய் கொப்பளித்துத் துப்பிய நல்லெண்ணெய். பால்போல வெளுத்திருந்தது.

"பாருங்க டாக்டர், தொண்டையில இருக்கிற சளியெல்லாம் இதோட வந்துடுது. குரல் மட்டும் தெளிய மாட்டேங்குது" என்றார். மூன்று மாதமாகத் தினமும் வெறும் வயிற்றில் ஒரு மேசைக்கரண்டி எண்ணெய், இருபது நிமிடம். விடாமல் செய்திருக்கிறார்.

முதலில் அந்த வெள்ளை நிறத்தைப் பார்ப்போம். மூடியுள்ள பாட்டிலில் கொஞ்சம் நல்லெண்ணெயும் வெதுவெதுப்பான தண்ணீரும் விட்டு நன்றாகக் குலுக்குங்கள். அதுவும் வெளுக்கும். எண்ணெய் பொடிப்பொடித் துளிகளாக உடைந்து நீரில் கலப்பதால் வரும் நிறம் அது. பாட்டிலில் சற்று நேரத்தில் எண்ணெய் பிரிந்து மேலே மிதக்கும். வாயில் உமிழ்நீரின் வழவழப்பு அந்தத் துளிகளைச் சேரவிடாமல் பிடித்துவைக்கிறது. யார் கொப்பளித்தாலும் வெளுக்கத்தான் செய்யும். சளியோ நஞ்சோ வெளியேறியதற்கு அது அடையாளம் இல்லை.

அடுத்தது, அந்த எண்ணெய் எதுவரை போனது? வாயை மூடிக் கொப்பளிக்கும்போது நாம் மூக்கால் மூச்சு விடுகிறோம். அப்போது மேலண்ணத்தின் பின்பக்கத்து மெல்லிய சதை கீழிறங்கி நாக்கின் அடிப்பகுதியோடு ஒட்டிக்கொள்ளும். வாய்க்கும் தொண்டைக்கும் நடுவே கதவு சாத்தியதுபோல. இருபது நிமிடம் சுழற்றினாலும் எண்ணெய் அந்தக் கதவுக்கு இந்தப் பக்கமேதான். குரல் நாண்கள் இன்னும் கீழே, மூச்சுக்குழாயின் வாசலில் இருக்கின்றன. அங்கே எண்ணெய் போகவே கூடாது.

எண்ணெய்க் கொப்பளிப்பால் குரல் வலுப்பெறும், தொண்டை வறளாது என்று சரக சம்ஹிதை சொல்கிறது. இன்றைய ஆய்வுகளில் ஓரளவு தேறியிருப்பது பல்லும் ஈறும்தான். 2009-ல் சென்னைப் பல் மருத்துவர்கள் ஈறு வீங்கிய 20 வளரிளம் பையன்களிடம் பத்து நாள் சோதித்தார்கள். நல்லெண்ணெய் கொப்பளித்தவர்களுக்கும் குளோர்ஹெக்சிடின் கொப்பளித்தவர்களுக்கும் பல் படிவும் ஈறு வீக்கமும் குறைந்தன. சிறிய ஆய்வு, ஆனாலும் ஈறுக்கு நம்பிக்கை தருவது. தொண்டைக்கு அதில் எந்தச் சான்றும் இல்லை.

ஆபத்தும் ஒன்று உண்டு. தப்பித்தவறி எண்ணெய் அந்தக் கதவைத் தாண்டி வழுக்கிக்கொண்டு நுரையீரலுக்குள் இறங்கினால் தண்ணீர்போல இருமலைக் கிளப்பாது. சத்தமில்லாமல் அங்கேயே தங்கி அழற்சியை உண்டாக்கும். தென்கொரியாவிலும் ஜப்பானிலும் எண்ணெய்க் கொப்பளிப்பால் இப்படி நிமோனியா வந்தவர்களைப் பற்றி மருத்துவ இதழ்கள் எழுதியிருக்கின்றன. கொப்பளிக்கும் பழக்கமுள்ளவருக்கு இருமலும் நிமோனியாவும் திரும்பத் திரும்ப வந்தால் மருத்துவரிடம் எண்ணெய் விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். விழுங்கச் சிரமப்படும் முதியவர்களுக்கும் குழந்தைகளுக்கும் இது வேண்டவே வேண்டாம்.

அண்ணாந்து 'களகள'வெனத் தொண்டை கொப்பளிப்பது வேறு கதை. அதில் நீர் உள்நாக்கு, டான்சில் வரை போகிறது. 2005-ல் வெளியான ஜப்பானிய ஆய்வு ஒன்றில் 387 பேரை இரண்டு மாதம் கவனித்தார்கள். தினமும் மூன்று வேளை வெறும் தண்ணீரால் கொப்பளித்தவர்களுக்குச் சளித்தொல்லை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தது. அயோடின் மருந்தால் கொப்பளித்தவர்களுக்குச் சொல்லும்படியான பலன் இல்லை!

மூலிகைகளில் என்னை நம்பவைத்தது அதிமதுரம். அறுவைசிகிச்சையில் மூச்சுக்குழாய்க்குள் குழாய் செருகுவதால் பிறகு தொண்டை வலிக்கும். வியன்னாவில் 236 நோயாளிகளில் ஒரு பாதிப் பேரை, மயக்க மருந்துக்கு ஐந்து நிமிடம் முன்பு, 30 மில்லி நீரில் அரை கிராம் அதிமதுரச் சாறு கலந்து ஒரு நிமிடம் கொப்பளிக்கச் செய்தார்கள். மற்றவர்களுக்குச் சர்க்கரைப் பாகு கலந்த நீர். கண்விழித்த பிறகு, சர்க்கரை நீர் கொப்பளித்தவர்களில் 36 சதவீதம் பேருக்குத் தொண்டை வலித்தது. அதிமதுரக்காரர்களில் 19 சதவீதம்தான். 2013-ல் வெளியான முடிவு இது. குழாய் உரசிய புண்ணுக்கு இது உதவுகிறது. கிருமித் தொற்றைப் போக்கும் என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியாது. கொப்பளித்ததைத் துப்பிவிட வேண்டும்; அதிமதுரத்தை நிறைய விழுங்கினால் ரத்த அழுத்தம் ஏறும், பொட்டாசியம் இறங்கும்.

ஆசிரியையின் தொண்டைக்குள் கேமராக் குழாயை விட்டுப் பார்த்தேன். இரண்டு குரல் நாண்களிலும், ஒன்றோடொன்று மோதும் இடத்தில், கடுகளவு வெள்ளை முடிச்சு. வருடக்கணக்கில் உரக்கப் பேசியதன் காய்ப்பு அது. மூன்று வாரத்துக்கு மேல் குரல் கம்மியிருந்தால் கொப்பளிப்பதை நம்பி நாளைக் கடத்தாமல் இப்படிப் பார்த்துவிடச் சொல்கிறேன். புற்றுநோயும் கம்மிய குரலோடு தொடங்கலாம்.

திரையில் முடிச்சைக் காட்டியதும் அவர் சற்று நேரம் பேசவில்லை. "அப்ப எண்ணெயை நிறுத்திடவா?" என்றார். ஈறுக்கு வேண்டுமானால் வைத்துக்கொள்ளச் சொன்னேன், புரையேறாமல் கவனமாக. குரலுக்கு எழுதிக்கொடுத்தது பேச்சுப் பயிற்சியும், வகுப்பில் இடுப்பில் கட்டிக்கொள்ளும் சின்ன மைக்கும்.