ஒரே பொருளுக்கு 400 நகல்

2018-இல் பிளேஸ்டேஷன் 4-க்கு வந்த ‘மார்வெல்ஸ் ஸ்பைடர்மேன்’ விளையாட்டில், கட்டடத்துக்குக் கட்டடம் வலை வீசித் தாவியபடியே மன்ஹாட்டனின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குப் போய்விடலாம். நடுவில் ‘லோடிங்’ என்று திரை நிற்காது. இத்தனைக்கும் அந்த நகரம் ஒருபோதும் முழுதாக நினைவகத்தில் இருப்பதில்லை. கருவியில் உள்ளதே 8 ஜிபி. அதிலும் ஒரு பங்கை இயங்குதளம் எடுத்துக்கொள்ளும்.

அதனால் நகரத்தைக் கட்டம் கட்டமாக வெட்டி ஹார்ட் டிஸ்கில் வைத்திருக்கிறார்கள். ஆட்டக்காரரைச் சுற்றியுள்ள கட்டங்கள் மட்டும் முழு விவரத்தோடு நினைவகத்துக்கு வரும். தொலைவில் தெரியும் கோபுரங்கள் வெறும் எளிய உருவங்கள்தான். அவர் நகர நகர, முன்னால் உள்ள கட்டம் ஏறும், பின்னால் உள்ளது இறங்கும். ஏற்றும் தூரத்தைவிட இறக்கும் தூரத்தைச் சற்றுக் கூடுதலாக வைப்பது வழக்கம். இரண்டும் ஒன்றாக இருந்தால், எல்லையில் நின்று முன்னும் பின்னும் ஆடுகிற ஒருவருக்காக ஒரே கட்டம் ஓயாமல் ஏறி இறங்கிக்கொண்டிருக்கும்.

உண்மையான தலைவலி டிஸ்க்தான். அது இசைத்தட்டு மாதிரி சுழலும். படிக்கும் முனை வேண்டிய தடத்துக்கு நகர்ந்து, தரவு தனக்குக் கீழே வரும்வரை காத்திருக்க வேண்டும். நிமிடத்துக்கு 5,400 சுற்று என்றால் ஒரு சுற்றுக்கு 11 மில்லிவினாடி. முனை நகரும் நேரத்தையும் சேர்த்து, ஒரு தேடலுக்குச் சராசரியாக 15 மில்லிவினாடி என்று வைத்துக்கொள்வோம். ஒரு கட்டத்துக்கான 100 பொருள்கள் டிஸ்கில் சிதறிக் கிடந்தால், தேடுவதற்கே ஒன்றரை வினாடி போய்விடும். இன்னும் ஒரு பைட்கூடப் படித்தாகவில்லை. அதே 100 பொருள்களும், மொத்தம் 20 எம்பி, வரிசையாக அடுத்தடுத்து இருந்தால்? வினாடிக்கு 100 எம்பி வேகத்தில் கால் வினாடிக்குள் வேலை முடிந்துவிடும்.

அதற்காகச் செய்ததுதான் விசித்திரம். தெருவோரத் தபால் பெட்டி போன்ற ஒரு பொருளை ஓரிடத்தில் சேமித்து, எல்லாக் கட்டங்களும் அதையே எடுத்துக்கொள்வதுதான் எந்தப் புரோகிராமரும் முதலில் செய்யக்கூடியது. இங்கே அப்படியில்லை. அது தேவைப்படும் கட்டம் ஒவ்வொன்றிலும் அதன் நகல் ஒன்று கூடவே இருக்கும். இந்த விளையாட்டில் சில தரவுகள் டிஸ்கில் 400 முறை திரும்பத் திரும்ப இருந்ததாக, பிளேஸ்டேஷன் 5-இன் வடிவமைப்பாளர் மார்க் செர்னி 2020-இல் சொன்னார். இடம் வீண்தான், ஆனால் அந்த வீணில்தான் வேகம் கிடைத்தது.

கணக்கு தப்பினால் கண்ணுக்கே தெரியும். பக்கத்துச் சுவர் மங்கலாக நின்று, திடீரென்று ஜன்னல் முளைக்கும். காலுக்குக் கீழே தெருவே வராமல் ஆட்டக்காரர் உள்ளே விழுந்துவிடுவதும் இத்தகைய விளையாட்டுகளில் நடப்பதுண்டு.

எஸ்எஸ்டியில் சுழலும் தட்டும் இல்லை, நகரும் முனையும் இல்லை. ஆகவே 400 நகலுக்கும் அவசியமில்லை. பிளேஸ்டேஷன் 5-இல் உள்ள எஸ்எஸ்டி வினாடிக்கு 5.5 ஜிபி தரும். அதன்பின் நெருக்கடி வேறு இடத்துக்கு மாறுகிறது: வந்த ஒவ்வொரு பொருளையும் அதனதன் இடத்தில் நிறுத்தி, மோதினால் தடுக்கும்படி செய்யும் வேலை செயலியின் தலையில் விழுகிறது.