ஒரே கணக்கு, பாதிக்கும் குறைந்த நேரம்: ஜிபியுவில் இழைகள் பிரிந்தால் என்ன ஆகும்?

சுமார் 42 லட்சம் முழு எண்களைக் கூட்ட வேண்டும். என்விடியாவின் ஜி80 கிராபிக்ஸ் செயலியில் இந்தக் கணக்கைப் பல விதமாக எழுதிக் காட்டினார் அந்நிறுவனத்தின் மார்க் ஹாரிஸ். முதல் நிரலுக்கு 8.054 மில்லி விநாடி பிடித்தது. நிபந்தனையையும் கூட்டலின் இடக்குறியையும் மட்டும் மாற்றி எழுதிய இரண்டாவது நிரல் 3.456 மில்லி விநாடியில் முடித்தது. இரண்டிலும் கூட்டல்களின் எண்ணிக்கை ஒன்றே. எந்தக் கூட்டலை எந்த இழை செய்கிறது என்பதுதான் மாறியது.

காரணம் செயலியின் அமைப்பில் இருக்கிறது. ஜிபியு தன் இழைகளைத் தனித்தனியாக ஓட்டுவதில்லை. என்விடியா செயலிகளில் 32 இழைகள் சேர்ந்தது ஒரு வார்ப். ஒரு கட்டளை வந்தால் 32 இழைகளும் அதையே, தத்தம் தரவின் மீது செய்கின்றன. பள்ளி மைதானத்தில் ட்ரில் மாஸ்டர் ஒருவர் ஊதும் விசிலுக்கு வரிசை முழுவதும் அசைவது போல.

இடையில் ஓர் `if` வந்து, 16 இழைகளுக்கு விடை ஆம், 16 இழைகளுக்கு இல்லை என்றானால்? வார்ப் இரண்டு பாதைகளையும் ஒன்றன்பின் ஒன்றாக நடந்தாக வேண்டும். முதல் பாதை ஓடும்போது மற்ற 16 இழைகள் அணைக்கப்பட்டிருக்கும். பிறகு நிலைமை தலைகீழாகும். பாதைக்குப் பத்து கட்டளைகள் என்றால், பத்தில் முடிய வேண்டியது இருபதாகிறது. இதற்குத்தான் வார்ப் டைவர்ஜென்ஸ் என்று பெயர். 32 இழைகளும் ஒரே பக்கம் போனால் இந்தச் செலவு இல்லை. மறுபாதையை வார்ப் தொடுவதே கிடையாது.

இனி ஹாரிஸின் கணக்குக்கு வருவோம். ஒரு தொகுதியில் 128 இழைகள், அதாவது நான்கு வார்ப்கள். ஒவ்வொரு சுற்றிலும் எண்கள் இரண்டிரண்டாகக் கூட்டப்பட்டுப் பாதியாகக் குறைகின்றன. ஏழு சுற்றுகளில் ஓர் எண் மிஞ்சும். முதல் நிரலின் நிபந்தனை இது:

```
if (tid % (2*s) == 0)
    sdata[tid] += sdata[tid + s];
```

இங்கே `s` சுற்றுக்குச் சுற்று 1, 2, 4 என்று இரட்டிக்கிறது. முதல் சுற்றில் இரட்டைப்படை எண் கொண்ட 64 இழைகள் கூட்டுகின்றன. அவை நான்கு வார்ப்களிலும் சிதறிக் கிடப்பதால் நான்கு வார்ப்களும் கூட்டல் பாதையில் இறங்க வேண்டும், ஒவ்வொன்றும் பாதி பலத்தோடு. ஐந்தாம் சுற்றில் ஒரு வார்ப்புக்கு ஒரே ஓர் இழைதான் உழைக்கிறது; அப்போதும் நான்கு வார்ப்களும் ஓடுகின்றன. சுற்றுவாரியாக இப்படி இறங்கும் வார்ப்கள் 4, 4, 4, 4, 4, 2, 1, மொத்தம் 23.

இரண்டாவது நிரல் வேலையை முன்வரிசை இழைகளிடம் கொடுக்கிறது:

```
int index = 2 * s * tid;
if (index < blockDim.x)
    sdata[index] += sdata[index + s];
```

இப்போது முதல் சுற்றின் 64 கூட்டல்களும் இரண்டு வார்ப்களில் முழுமையாக அடங்கிவிடுகின்றன. மற்ற இரண்டும் அந்தப் பாதையைத் தாண்டிச் செல்கின்றன. அதன்பின் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு வார்ப் போதும். மொத்தம் 8.

23-க்கு 8 என்றால் கிட்டத்தட்ட மூன்று மடங்கு. ஆனால் நேரம் குறைந்தது 2.33 மடங்குதான். நினைவகத்திலிருந்து எண்களை எடுப்பதும், இழைகள் ஒன்றுக்கொன்று காத்திருப்பதும் இரண்டு நிரலிலும் உண்டு. அந்த 2.33-ம் முழுக்க டைவர்ஜென்ஸின் கணக்கில் வராது: மெதுவான `%` செயலும் இரண்டாவது நிரலில் நீங்கியிருக்கிறது. அதேசமயம் பகிர்வு நினைவகத்தின் ஒரே பிரிவை இழைகள் மோதிக்கொண்டு கேட்கும் புதுச் சிக்கல் முளைத்தது. எண்களை அடுத்தடுத்த இடங்களிலிருந்து எடுக்கும்படி மாற்றியதும் நேரம் 1.722 மில்லி விநாடியாக இறங்கியது.

2017-இல் வந்த வோல்ட்டா செயலியிலிருந்து ஒவ்வோர் இழைக்கும் தன் இடத்தைக் குறித்துவைக்கும் தனி எண்ணி உண்டு. இதனால் பிரிந்த பாதைகளை மாற்றி மாற்றி ஓட்டலாம். ஓர் இழை மற்றொன்றுக்காகக் காத்து முடங்கும் ஆபத்து குறைகிறது. ஆனால் ஒரு நேரத்தில் ஒரு பாதையின் கட்டளைதான் ஓடும். இழந்த வேகம் திரும்புவதில்லை.

எல்லா `if`-ஐயும் துரத்த வேண்டியதில்லை. ஓரிரு கட்டளைகளே உள்ள கிளையை, தாவல் இல்லாமல் நிபந்தனையோடு ஓடும் கட்டளைகளாக கம்பைலரே பெரும்பாலும் மாற்றிவிடும். நினைவகத்துக்காகவே காத்துக் கிடக்கும் நிரலில் கொஞ்சம் பிளவு இருந்தாலும் வெளியே தெரியாது. என்சைட் கம்ப்யூட் கருவியில் `Avg. Active Threads Per Warp` எண்ணைப் பாருங்கள். அது 32-ஐ ஒட்டி இருந்தால் தாமதத்துக்குக் காரணம் வேறெங்கோ இருக்கிறது. பத்து, பன்னிரண்டு என்று தாழ்ந்திருந்து, நிரல் கணக்கிடுவதிலேயே நேரத்தைச் செலவழிக்கிறது என்றால், ஒரே பாதையில் போகும் தரவுகளை அடுத்தடுத்து வைத்து வார்ப்களை நிரப்புவதுதான் முதல் வேலை.