பனியன் கம்பெனியிலிருந்து டெஸ்டிங்குக்கு ஒரு பத்தி

துறை மாறி வேலை தேடுபவர்களின் கவர் லெட்டர்களில் ஒரு வாக்கியம் தவறாமல் வந்துவிடுகிறது. "இதுவரை வேறு துறையில் இருந்தாலும், அங்கே கற்ற பொறுமையும் குழுவாக உழைக்கும் திறனும் இந்த வேலைக்கும் உதவும்" என்பது அந்த வாக்கியம். அது பொய்யில்லை. ஆனால் படிப்பவருக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. வங்கிக் காசாளரும் அதை எழுதலாம், பள்ளி ஆசிரியரும் எழுதலாம், லாரி புக்கிங் ஆபீஸில் இருந்தவரும் எழுதலாம். விண்ணப்பித்தவர் பழைய வேலையில் என்ன செய்தார், அதில் எது புதிய வேலைக்கு ஆகும் என்ற கேள்விக்கு அதில் பதில் இல்லை.

அந்தப் பதிலை ஒரே ஒரு பத்தியில் சொல்ல முடியும். எப்படி என்று பார்க்க ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். திருப்பூரில் ஓர் ஏற்றுமதி பனியன் கம்பெனியில் எட்டு ஆண்டுகள் க்யூ.சி.யாக இருந்த பெண் ஒருவர், கோயம்புத்தூரில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் டெஸ்டர் வேலைக்கு விண்ணப்பிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். விளம்பரம் மூன்று விஷயங்களைக் கேட்கிறது: மேனுவல் டெஸ்டிங், பிழைகளைத் தெளிவாகப் பதிவுசெய்வது, ரிக்ரஷன் டெஸ்டிங்.

அவருக்கு முதலில் தோன்றும் வாக்கியம், "துணியில் தரம் பார்த்தேன், மென்பொருளிலும் தரம் பார்ப்பேன்" என்பதாகத்தான் இருக்கும். இரண்டு வேலைக்கும் 'தரம்' என்ற பெயர் இருக்கிறதே! ஆனால் பெயர் ஒன்றாக இருப்பதால் மட்டும் வேலை ஒன்றாகிவிடாது. அவர் தம்முடைய பதவியின் பெயரை ஓரமாக வைத்துவிட்டு, ஒரு நாளில் கையால் என்னென்ன செய்தார் என்று எழுதிப் பார்க்க வேண்டும்.

ஷிப்மென்ட்டுக்கு முந்தைய ஃபைனல் இன்ஸ்பெக்‌ஷனை எடுத்துக்கொள்வோம். சிறுவர் டி-ஷர்ட் 2,400 பீஸ் அட்டைப்பெட்டிகளில் தயாராக நிற்கிறது. அத்தனையையும் பிரித்துப் பார்க்க நேரம் கிடையாது. பையர்கள் பலரும் ஒப்புக்கொள்ளும் ஐ.எஸ்.ஓ. 2859 அட்டவணைப்படி, வழக்கமான அளவில் சோதித்தால், இந்த எண்ணிக்கைக்கு 125 பீஸ் எடுத்துப் பார்ப்பார்கள். ஏ.க்யூ.எல். 2.5 என்று பேசியிருந்தால், அந்த 125-இல் 7 பெரிய பழுதுகள் வரை சரக்கு தப்பிக்கும். எட்டாவது வந்தால் திரும்பும்.

அன்று அவர் 9 எண்ணுகிறார். அதில் 6 பழுதுகள் ஒரே வகை: கழுத்தை இழுத்தால் போதுமான அளவு விரியவில்லை, குழந்தையின் தலை நுழையாது. மெஷர்மென்ட் சார்ட் குறைந்தது 56 சென்டிமீட்டர் கேட்கிறது, கையில் இருக்கும் பீஸ் 53-இல் நின்றுவிடுகிறது. அனுபவம் இல்லாதவர் 'கழுத்து டைட்' என்று எழுதிவிட்டுப் போயிருப்பார். இவர் எந்த சைஸ், எந்த லைனில் தைத்தது, எப்படி இழுத்து அளந்தது, எவ்வளவு குறைவு என்று நான்கையும் எழுதுகிறார். எழுதி முடித்ததும் விஷயம் வெளியே வந்துவிடுகிறது: ஆறும் ஒரே லைன். மெக்கானிக் போய்ப் பார்த்தால் ஒரு ஓவர்லாக் மெஷினில் நூல் இறுக்கம் கூடியிருக்கிறது.

இறுக்கத்தைக் குறைத்து மறுபடியும் தைத்து வருகிறார்கள். கழுத்து இப்போது 57-க்கு விரிகிறது. பலர் அங்கேயே கையெழுத்துப் போட்டுவிடுவார்கள். இவர் கழுத்துத் தையல் தோளோடு சேரும் இடத்தையும் இழுத்துப் பார்க்கிறார். நூல் அளவுக்கு மேல் தளர்ந்து, அங்கே தையல் வாய் பிளக்கிறது. ஒன்றைச் சரிசெய்யப் போய்ப் பக்கத்தில் இன்னொன்று கெட்டிருக்கிறது.

மென்பொருள்காரர்கள் ரிக்ரஷன் என்று சொல்வது இதைத்தான். ஒரு பக்கை டெவலப்பர் சரிசெய்ததும் அந்தப் பக் போய்விட்டதா என்று பார்ப்பது ஒரு வேலை. அந்த மாற்றத்தால் முன்பு ஓடிக்கொண்டிருந்த வேறு எதுவும் நின்றுபோகவில்லையே என்று பார்ப்பது இன்னொரு வேலை. இரண்டாவதைச் செய்ய ஒருவருக்கு, எந்த மாற்றம் எங்கே போய்த் தட்டும் என்ற ஊகம் வேண்டும். எட்டு ஆண்டுகள் நூல் இறுக்கத்தோடு மல்லுக்கட்டியவரிடம் அது இருக்கிறது. அவருடைய பத்திக்கு உரிய சம்பவம் கிடைத்துவிட்டது.

இந்த இடத்தில் ஒரு சறுக்கல் காத்திருக்கிறது. அவருடைய அனுபவத்தில் மிகவும் கம்பீரமாகத் தெரிவது ஏ.க்யூ.எல். அட்டவணைதான். சர்வதேசத் தரம், எண்கள், பையரின் நம்பிக்கை எல்லாம் அதில் இருக்கின்றன. 'ஏ.க்யூ.எல். முறையை மென்பொருள் சோதனையில் பயன்படுத்துவேன்' என்று எழுதக் கை துறுதுறுக்கும். எழுதினால், படிக்கும் டெஸ்ட் லீட் அந்த வரியிலேயே நின்றுவிடுவார். 2,400 டி-ஷர்ட்டும் ஒரே வடிவத்தின் தனித்தனிப் பிரதிகள். ஒன்றில் இருக்கும் பழுது அடுத்ததில் இல்லாமல் போகலாம், அதனால்தான் குலுக்கல் முறையில் 125-ஐ எடுத்து மற்றதைக் கணிக்க முடிகிறது. மென்பொருளில் எல்லாரிடமும் இருப்பது ஒரே பிரதி. தள்ளுபடியோடு சேர்த்து வரியைக் கணக்கிடும்போது தப்பு வந்தால், அதே பதிப்பில் அதே நிலைமையில் அதைச் செய்யும் எல்லாருக்கும் தப்பு வரும். அங்கே பிரதிகளில் மாதிரி எடுப்பதற்கு அர்த்தமில்லை. எந்த எண்களைக் கொடுத்துப் பார்ப்பது, எந்த வழியாகப் போய்ப் பார்ப்பது என்பதைத்தான் டெஸ்டர் தேர்ந்தெடுக்கிறார்.

எல்லாவற்றையும் சோதித்துத் தீர்க்க முடியாது, பிழைகள் சில இடங்களில் கூட்டமாக இருக்கும் என்ற இரண்டு கருத்துகள் மட்டும் இரு துறைக்கும் பொது. உலகெங்கும் டெஸ்டர்களுக்குச் சான்றிதழ் தரும் ஐ.எஸ்.டி.க்யூ.பி. அமைப்பின் அடிப்படைப் பாடத்திட்டத்திலேயே அவை இருக்கின்றன. ஆனால் அவற்றைக் கடிதத்தில் விளக்கத் தேவையில்லை, நேர்காணலில் கேட்டால் சொல்லிக்கொள்ளலாம். எது கடக்கும், எது கடக்காது என்று பிரித்துப் பார்க்கும் இந்த வேலைக்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும். அதற்குப் புதிய துறையைக் கொஞ்சமாவது படித்திருக்க வேண்டும், அங்கே ஏற்கெனவே இருக்கும் ஒருவரிடம் பேசியிருந்தால் இன்னும் நல்லது.

இன்னொரு துண்டும் தேவை. பழைய வேலையின் சம்பவம் எவ்வளவு பொருத்தமாக இருந்தாலும், அது பழைய வேலையில்தான் நடந்தது. புதிய துறையில் அவர் கை வைத்ததற்குச் சின்னதாக ஒரு சான்று இருந்தால்தான் பாலத்துக்கு மறுகரை கிடைக்கும். நம் உதாரணப் பெண் ஒரு திறந்த மூல பில்லிங் மென்பொருளை ஓய்வு நேரத்தில் சோதித்திருக்கிறார். பில்லில் எண்ணிக்கையை மாற்றினால் வரித்தொகை பழையபடியே நிற்பதைக் கண்டு, என்ன செய்தால் அது நடக்கிறது என்ற படிகளோடு பதிவுசெய்திருக்கிறார்.

இனிப் பத்தியை எழுதலாம். கோயம்புத்தூர் நிறுவனத்துக்கு இது ஆங்கிலத்தில்தான் போகும், இங்கே அதன் தமிழ் வடிவம்:

"திருப்பூரில் ஓர் ஆடை ஏற்றுமதி நிறுவனத்தில் எட்டு ஆண்டுகள் இறுதித் தரப் பரிசோதகராக இருந்தேன். ஒருமுறை 2,400 டி-ஷர்ட் ஆர்டரில் கழுத்து விரியாத பழுது வந்தபோது, சைஸ், தையல் லைன், அளந்த முறை, குறைந்த அளவு ஆகியவற்றோடு அதைப் பதிவுசெய்தேன். அந்தப் பதிவை வைத்து, கோளாறான ஒரே மெஷினை அன்றே கண்டுபிடித்தார்கள். சரிசெய்த பிறகு அருகிலிருந்த தோள் தையலையும் சோதித்தேன். அங்கே புதிதாக ஒரு பழுது வந்திருந்தது. நீங்கள் கேட்கும் ரிக்ரஷன் டெஸ்டிங்கிலும் இதே முறையில் வேலை செய்யப் பழகிவருகிறேன். ஒரு திறந்த மூல பில்லிங் மென்பொருளில் நான் பதிவுசெய்த வரிக் கணக்குப் பிழை சரியானதும், தள்ளுபடிக் கணக்கையும் ஓட்டிப் பார்த்து இரண்டாவது பிழையைக் கண்டேன். தானியங்கிச் சோதனையில் இப்போதுதான் தொடக்க நிலையில் இருக்கிறேன்."

இதில் ஆர்வம், உழைப்பு, கனவு என்ற சொற்கள் வரவில்லை. துறை மாறுவதற்கான காரணமும் வரவில்லை. அதைச் சொல்ல வேண்டுமென்றால் கடிதத்தில் வேறு பத்தி இருக்கிறது. இங்கே கலந்தால் சாக்குச் சொல்வதுபோலத் தொனிக்கும். விளம்பரத்தின் சொல் ஒரே இடத்தில், பத்தியின் நடுவில், சம்பவம் முடிந்த கையோடு வருகிறது. முதல் வரியிலேயே 'எனக்கு ரிக்ரஷன் டெஸ்டிங்கில் எட்டு ஆண்டு அனுபவம்' என்று எழுதியிருந்தால் அது ஏமாற்று. சம்பவத்தைச் சொன்ன பிறகு வைத்தால், ஒப்புமை சரியா இல்லையா என்று படிப்பவரே பார்த்துக்கொள்வார்.

கடைசி வரியைச் சேர்க்கப் பலர் தயங்குவார்கள். குறையை நாமே எதற்குச் சொல்ல வேண்டும் என்று கேட்பார்கள். ரெஸ்யூமேயைப் புரட்டினால் அந்தக் குறை எப்படியும் தெரிந்துவிடும். ஒரே வரியில், மன்னிப்புக் கேட்கும் தொனி இல்லாமல் சொல்லிவிட்டால், மற்ற வரிகளையும் அப்படியே நம்பலாம் என்று படிப்பவருக்குத் தோன்றும். இரண்டு வரியாக நீட்டினால் அதுவே பத்தியின் முடிவுரையாகிவிடும், ஆகவே ஒன்று போதும். விளம்பரம் தானியங்கிச் சோதனையைக் கட்டாயமாகக் கேட்டிருந்தால் கதை வேறு. அந்தக் குறையை எந்தப் பத்தியாலும் மூட முடியாது, முதலில் படித்துவிட்டு வர வேண்டும்.

எழுதியதைச் சரிபார்க்க எளிய வழி உண்டு. ஒவ்வொரு வாக்கியத்தையும் எடுத்து, எதிரில் இருப்பவர் 'அப்புறம்?' என்று கேட்பதாக நினைத்துப் பார்க்கலாம். 'எப்படி இழுத்து அளந்தீர்கள்?', 'தோள் தையலைப் பார்க்க ஏன் தோன்றியது?', 'இரண்டாவது பிழையை எப்படி எழுதினீர்கள்?' என்ற கேள்விகளுக்கு இவர் இரண்டு நிமிடம் பேசுவார். 'நான் நுணுக்கமானவள்' என்ற வாக்கியத்துக்குப் பின் அப்படி ஒரு கேள்வியும் பிறக்காது. பிறக்காத வாக்கியங்களை அடித்துவிடலாம்.

இதே பெண் அடுத்த வாரம் வேறொரு நிறுவனத்துக்கு விண்ணப்பிக்கிறார். அது ஆடை ஆலைகளுக்கு மென்பொருள் விற்கும் நிறுவனம், வாடிக்கையாளருக்குக் கற்றுக்கொடுக்கும் வேலை. அங்கே கழுத்துத் தையல் கதை எடுபடாது. அவர் வேறு சம்பவத்தைத் தேட வேண்டும். லைனில் புதிதாகச் சேர்ந்த செக்கிங் பெண்களுக்குப் பெரிய பழுது எது, சின்னப் பழுது எது என்று அடித்துக்காட்டிய பீஸ்களை வைத்துப் பழக்கிய மாதங்கள் அதற்குப் பொருந்தும். சூப்பர்வைசரும் மெர்ச்சண்டைசரும் ஒரே பழுதைப் பற்றி வாதாடும்போது அப்ரூவ்டு சாம்பிளை மேசையில் வைத்து அவர் பேசி முடித்த நாளும் பொருந்தும். அந்த விளம்பரத்தில் 'பயனருக்குப் பயிற்சி' என்பது முதலில் இருந்தால் முன்னதை எடுக்க வேண்டும், 'வாடிக்கையாளர் புகார்' என்பது முதலில் இருந்தால் பின்னதை.