புரோநோட்டின் ஆயுள்: மூன்று ஆண்டு எப்போது தொடங்குகிறது, எப்போது நீள்கிறது?

புதுச்சேரியில் தெரிந்தவருக்குக் கைமாற்றாகப் பணம் கொடுக்கிறவர்கள் ஒரு புரோநோட்டு எழுதி வாங்கி பீரோவில் வைத்துவிட்டு நிம்மதியாக இருந்துவிடுகிறார்கள். ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டி, அதன்மேல் கையெழுத்து குறுக்கே விழும்படி போடப்பட்ட அந்தத் தாளில் வழக்கமாக ஒரு வாசகம் இருக்கும்: "தாங்கள் கேட்கும்போது தங்களுக்கோ தங்கள் உத்தரவு பெற்றவருக்கோ அசலும் வட்டியும் தருகிறேன்." பலரும் ஏமாறுவது இந்த 'கேட்கும்போது' என்பதில்தான். நாம் இன்னும் கேட்கவே இல்லையே, பிறகு எப்படிக் கெடு ஓடும் என்று நினைக்கிறார்கள். கெடு ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

1963-ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டம் 1964 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. கேட்டவுடன் தர வேண்டிய புரோநோட்டுக்கு அது கொடுக்கும் காலம் மூன்று ஆண்டு. அந்த மூன்று ஆண்டு நோட்டில் போட்டிருக்கும் தேதியிலிருந்து எண்ணப்படும். நீங்கள் பணத்தைக் கேட்ட நாளிலிருந்து அல்ல, அவர் மறுத்த நாளிலிருந்தும் அல்ல. நோட்டே இல்லாமல், கேட்கும்போது தர வேண்டும் என்ற பேச்சில் கொடுத்த கடனுக்கும் கொடுத்த நாள்தான் கணக்கு. 'ஒரு வருடம் கழித்துத் தருகிறேன்' என்று தவணை குறித்து எழுதிய நோட்டாக இருந்தால் மட்டும், அந்தத் தவணை முடிந்த நாளிலிருந்து மூன்று ஆண்டு.

ஊரில் வயதானவர்கள் சிலர் முப்பது வருடம் வரை கேட்கலாமே என்பார்கள். அது வெறும் வதந்தி அல்ல. இங்கே நடப்பில் இருந்த பிரெஞ்சு சிவில் சட்டத்தின் 2262-ஆம் பிரிவு பொதுவான காலவரம்பாக முப்பது ஆண்டைத்தான் வைத்திருந்தது. பிரான்சே 2008-இல் அதைக் கைவிட்டு, பொதுவான வரம்பை ஐந்து ஆண்டாகக் குறைத்துவிட்டது. கோவாவில் போர்த்துகீசியர் விட்டுச்சென்ற சட்டத்தின் காலவரம்பு செல்லுமா என்ற கேள்வி எழுந்தபோது, 1963 சட்டமே செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 2001-இல் தீர்ப்பளித்தது. இன்று புதுச்சேரியில் எழுதப்படும் நோட்டுக்கு முப்பது வருடக் கணக்கை நம்பி யாரும் உட்கார்ந்திருக்கக் கூடாது.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். முத்தியால்பேட்டையில் ஒருவர் 2022 மே 12 அன்று ஐந்து லட்சம் ரூபாய் கொடுத்து நோட்டு வாங்கினார் என்று வைத்துக்கொள்வோம். எழுதிய நாளை எண்ணக் கூடாது என்பது விதி. ஆகவே கடைசி நாள் 2025 மே 12. மே மாதம் சிவில் நீதிமன்றங்களுக்குக் கோடை விடுமுறை. கடைசி நாளில் நீதிமன்றம் மூடியிருந்தால், திறக்கும் முதல் நாளிலேயே பிராதைத் தாக்கல் செய்துவிடலாம் என்று நான்காம் பிரிவு சொல்கிறது. திறந்து இரண்டாம் நாள் போனால் வழக்கு போச்சு. இன்னொன்றும் உண்டு. இந்தச் சலுகை தாக்கல் செய்வதற்கு மட்டும்தான். கெடு நீண்டுவிட்டதாகப் பொருள் இல்லை. விடுமுறை நடுவில், மே 20 அன்று கடன்காரரிடம் 'பாக்கி உண்மைதான்' என்று எழுதி வாங்கினாலும், அது கெடு முடிந்த பிறகு வாங்கிய கடிதம். அதை நம்பி நீதிமன்றம் திறக்கும் நாளைத் தவறவிடக் கூடாது.

கெடுவுக்குள் வாங்கும் கடிதத்தின் மதிப்பே வேறு. கடன் இருப்பதை ஒப்புக்கொண்டு கடன்காரர் எழுதிக் கையெழுத்திட்டால், அந்தக் கையெழுத்து விழுந்த நாளிலிருந்து புதிதாக மூன்று ஆண்டு தொடங்கும். தொகையைக் குறிப்பிட வேண்டும் என்றுகூட இல்லை. 'கடன் உண்டு, ஆனால் இப்போது தர மாட்டேன்' என்று எழுதியிருந்தாலும் அது ஒப்புதல்தான். வேறொருவருக்கு எழுதிய கடிதத்தில் ஒப்புக்கொண்டிருந்தாலும் செல்லும். வாய்ப்பேச்சு செல்லாது. ஊர்ப் பெரியவர் முன்னிலையில் தலையில் அடித்துச் சத்தியம் செய்தாலும் கெடு ஒரு நாள்கூட நீளாது.

பணத்தில் ஒரு பகுதியைத் திருப்பித் தரும்போதும் இதே பலன் கிடைக்கும். நம் கணக்கில் வரும் கடன்காரர் 2023 அக்டோபர் 3 அன்று இருபதாயிரம் கொடுத்து, நோட்டின் பின்பக்கத்தில் 'வரவு ரூ.20,000' என்று தேதியோடு எழுதிக் கையெழுத்துப் போட்டால், கெடு 2026 அக்டோபர் 3 வரை போகும். ஆனால் நடைமுறையில் நடப்பது என்ன? பணத்தை வாங்கியவரே தன் கையால் வரவு எழுதி வைத்துக்கொள்கிறார். கொடுத்தவரின் கையெழுத்து அங்கே இல்லை. அந்த வரவு பாக்கியைக் குறைக்கப் பயன்படுமே தவிர, கெடுவை நீட்டாது. எழுத்து கொடுத்தவருடையதாக இருக்க வேண்டும், அல்லது அதன் கீழ் அவர் கையெழுத்தாவது இருக்க வேண்டும். ஜீபேயில் வந்த பணம், வாட்ஸ்அப்பில் வந்த 'அடுத்த மாசம் தரேன் அண்ணே' போன்றவற்றை வைத்து வாதாட வழி இருக்கலாம். ஆனால் வாதாடி ஜெயிக்க வேண்டிய ஒன்றை நம்பி ஏன் இருக்க வேண்டும்? பேனாவையும் நோட்டையும் நீட்டிக் கையெழுத்து வாங்குங்கள். இரண்டு பேர் சேர்ந்து எழுதிய நோட்டு என்றால் இருவரிடமும் வாங்குங்கள். ஒருவர் போட்ட கையெழுத்து மற்றவருக்கு எதிரான கெடுவை நீட்டாது.

இனி, இந்த ஊருக்கு மிகவும் தேவையான விதிக்கு வருகிறேன். புதுச்சேரியில் பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பங்கள் ஏராளம். அங்கே ஆறு மாதம், இங்கே ஆறு மாதம் என்று வாழ்கிறவர்களும் உண்டு. கடன் வாங்கியவர் இந்தியாவுக்கு வெளியே இருந்த காலத்தைக் கெடுவில் சேர்க்கக் கூடாது என்கிறது பதினைந்தாம் பிரிவின் ஐந்தாம் உட்பிரிவு. நம் கடன்காரர் வரவு எதுவும் எழுதவில்லை, ஆனால் 2022 செப்டம்பர் 1 முதல் 2023 ஏப்ரல் 30 வரை பாரிசில் மகள் வீட்டில் இருந்தார் என்று கொள்வோம். அது 242 நாள். 2025 மே 12-உடன் அதைக் கூட்டினால் கடைசி நாள் 2026 ஜனவரி 9 ஆகிறது. பல தடவை போய் வந்திருந்தால் ஒவ்வொரு தடவையும் வெளியே இருந்த நாட்களைக் கூட்டிக்கொள்ளலாம். விமானம் ஏறிய நாளையும் இறங்கிய நாளையும் சேர்க்காமல் கணக்கிடுவதே பாதுகாப்பு.

இது தானாகக் கிடைத்துவிடாது. மூன்று ஆண்டு கழிந்த பிறகு வழக்குப் போடுகிறவர், எந்தக் காரணத்தால் கெடு நீண்டது என்பதைப் பிராதிலேயே சொல்ல வேண்டும் என்கிறது உரிமையியல் நடைமுறைச் சட்டம். எந்தத் தேதி போனார், எந்தத் தேதி வந்தார் என்பதற்கு ஆதாரமும் வேண்டும். பாஸ்போர்ட் அவர் கையில் இருக்கும், உங்கள் கையில் இருக்காது. அதனால் அங்கிருந்து அவர் அனுப்பிய தபால் உறையையோ தேதி தெரியும் செய்தியையோ பத்திரப்படுத்தி வைப்பது நல்லது. இந்தச் சலுகையை எதிர்பார்த்து மூன்று ஆண்டைக் கடத்துவதை எந்த நல்ல வக்கீலும் ஆதரிக்க மாட்டார். ஏற்கெனவே கடந்துவிட்டவருக்கு இது ஒரு கதவு, அவ்வளவுதான்.

இதில் எனக்கு மனம் ஆறாத ஒன்று உண்டு. கடன் வாங்கியவர் பிரான்சில் இருந்தால் கெடு நிற்கிறது. கடன் கொடுத்தவர் பிரான்சில் இருந்தால் நிற்பதில்லை. அங்கே உழைத்துச் சேர்த்த பணத்தை இங்கே உறவினருக்குக் கொடுத்துவிட்டு, 'லீவுக்கு வரும்போது பார்த்துக்கொள்ளலாம்' என்று மூன்று கோடையைக் கழிப்பவர்கள் இழப்பது இப்படித்தான். அவர்கள் தூதரகத்தில் சான்றளித்த பவர் பத்திரத்தை இங்கே உள்ள நம்பிக்கையான ஒருவருக்கு அனுப்பி, அவர் மூலம் உரிய காலத்தில் வழக்குத் தொடர முடியும்.

வக்கீல் நோட்டீஸ் அனுப்பினால் கெடு நிற்கும் என்பது இன்னொரு தவறான நம்பிக்கை. தனியாருக்கு அனுப்பும் நோட்டீஸ் கெடுவை நிறுத்தாது. போலீஸ் புகாரும் பஞ்சாயத்தும் அப்படியே. அரசின் மீது வழக்குப் போடும் முன் சட்டப்படி கொடுக்க வேண்டிய நோட்டீசுக்கான காலம் மட்டும் கழிக்கப்படும். 'தாமதத்தை மன்னிக்க மனு போடலாமே' என்று சிலர் கேட்பார்கள். அந்த மன்னிப்பு அப்பீலுக்கும் சில மனுக்களுக்கும்தான். புதிய வழக்குக்குக் கிடையாது. கொரோனாவுக்காக உச்ச நீதிமன்றம் 2020 மார்ச் 15 முதல் 2022 பிப்ரவரி 28 வரையிலான காலத்தைக் கணக்கிலிருந்து நீக்கியது உண்மை. ஆனால் அந்தக் காலத்தில் எழுதிய நோட்டுக்குக்கூட, அந்தச் சலுகையோடு எண்ணினாலும் 2025 பிப்ரவரி இறுதியோடு கெடு முடிந்துவிட்டது. தவறான நீதிமன்றத்தில் நல்லெண்ணத்தோடும் அக்கறையோடும் வழக்கு நடத்திய காலத்தைக் கழிக்கலாம். மூன்று திசையிலும் விழுப்புரம், கடலூர் மாவட்ட எல்லைகள் பின்னிக் கிடக்கும் நம் ஊரில், எல்லை மாறி வழக்குப் போட்டவருக்கு அது உதவும்.

கெடு முடிந்தே போனால்? கடன் அழிந்துவிடாது, வழக்குப் போடும் வழி அடைபடும், அவ்வளவே. எதிர்த்தரப்பு பேசாவிட்டாலும் நீதிபதி தாமாகவே வழக்கைத் தள்ளுபடி செய்ய வேண்டும் என்கிறது மூன்றாம் பிரிவு. கடன்காரருக்கு மனம் இருந்தால், பழைய கடனைக் குறிப்பிட்டு 'இதைத் தருகிறேன்' என்று எழுதிக் கையெழுத்திட்டுத் தரலாம். ஒப்பந்தச் சட்டத்தின் 25-ஆம் பிரிவுப்படி அது புதிய ஒப்பந்தமாகச் செல்லும். கெடு முடிந்தபின் 'கடன் உண்டு' என்ற ஒப்புதல் மட்டும் போதாது, 'தருகிறேன்' என்ற வாக்கு வேண்டும். கடன் வாங்கியவர்களும் இதை அறிந்திருக்க வேண்டும். பழைய பாக்கியைச் சரிபார்க்க என்று யாராவது தாளை நீட்டினால், படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். தேதி இல்லாத தாளிலும் போடாதீர்கள்.

பீரோவில் இருக்கும் நோட்டை இன்றே எடுத்துத் தேதியைப் பாருங்கள். இரண்டரை ஆண்டு தாண்டியிருந்தால், பேச்சு வார்த்தை நடந்துகொண்டிருந்தாலும் வக்கீலைப் பாருங்கள். கட்டணம் கொடுக்க வசதி இல்லையென்றால் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகுங்கள். பெண்களுக்கும் பட்டியல் இனத்தவர், பழங்குடியினருக்கும் வருமானம் பார்க்காமல் அங்கே இலவச சட்ட உதவி உண்டு. தொலைபேசி எண் 15100.