−2.50 என்றால் 40 சென்டிமீட்டர்

கண் பரிசோதனைக்குப் போய்வந்தவரிடம் வீட்டில் கேட்கும் முதல் கேள்வி, "பவர் எவ்வளவு?" என்பதுதான். "ரெண்டரை" என்கிறார். கேட்டவர் உச்சுக்கொட்டுகிறார். ரெண்டரை என்ன, பார்வையில் அத்தனை பங்கு போய்விட்டதா, போன தடவை ரெண்டாக இருந்ததால் நோய் முற்றிவிட்டதா என்றெல்லாம் பேச்சு வளர்கிறது. அந்த எண் நோயின் அளவு அல்ல. அதற்குள் இருப்பது ஒரு தூரம்.

சீட்டில் இருக்கும் எண்ணின் அலகு டையாப்டர். 100ஐ அந்த எண்ணால் வகுத்தால் லென்ஸின் குவிய தூரம் சென்டிமீட்டரில் கிடைக்கும். 100 ÷ 2.5 = 40. ஆகவே −2.50 என்பது 40 செ.மீ. குவிய தூரமுள்ள குழி லென்ஸ். மைனஸ் குறி குழி லென்ஸையும் ப்ளஸ் குறி குவி லென்ஸையும் காட்டும். கணக்கு இவ்வளவுதான். ஆனால் அந்த 40 செ.மீ. எங்கே இருக்கிறது என்று தெரிந்தால்தான் சீட்டு புரியும்.

கிட்டப்பார்வை உள்ள கண்ணுக்கு ஓர் எல்லை உண்டு. அதற்கு இப்பால் இருப்பது தெளிவாகத் தெரியும், அப்பால் இருப்பதெல்லாம் மங்கும். −2.50 சீட்டுக்காரருக்கு அந்த எல்லை முகத்திலிருந்து ஏறக்குறைய 40 செ.மீ. குழி லென்ஸ் செய்வது என்னவென்றால், தூரத்துக் கோபுரத்திலிருந்து வரும் ஒளியை 40 செ.மீ. தொலைவிலிருந்து வருவதுபோல விரித்து அனுப்புவது. கண்ணால் அந்த இடத்தைத் தெளிவாகப் பார்க்க முடியும். எனவே கோபுரமும் தெளிவாகிவிடுகிறது. கண்ணின் எல்லையும் லென்ஸின் குவிய தூரமும் ஒன்றாக இருப்பது தற்செயல் அல்ல. அப்படிப் பொருந்தும் லென்ஸைத் தேடுவதுதான் அந்தப் பரிசோதனை.

இதை வீட்டிலேயே பார்க்கலாம். நல்ல வெளிச்சத்தில் கண்ணாடியைக் கழற்றி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, செய்தித்தாளின் பொடி எழுத்தைப் பக்கத்தில் பிடியுங்கள். மெல்ல விலக்கிக்கொண்டே போங்கள். எழுத்தின் ஓரம் கரையத் தொடங்கும் இடத்தில் நிறுத்தி, கண்ணிலிருந்து தாள்வரை ஸ்கேலால் அளந்தால், 100ஐ அந்த அளவால் வகுத்து வருவது சீட்டில் உள்ள எண்ணுக்குப் பக்கத்தில் இருக்கும். கண்ணை இடுக்கக் கூடாது. இடுக்கினால் சிறு துளை வழியாகப் பார்ப்பதுபோல் ஆகி, மங்கலானதும் தெளிவாகி ஏமாற்றும். 40 என்பதை 42 என்று அளந்துவிட்டால் விடை 2.38 ஆகும், பெரிய பிசகு இல்லை. ஆனால் −10.00 உள்ளவர் 10 செ.மீ.யை 11 என்று அளந்தால் விடை 9.1க்கு இறங்கிவிடும். பவர் ஏற ஏற ஸ்கேல் கைவிடும். சீட்டைப் புரிந்துகொள்ள இந்த அளவீடு போதும், சீட்டு எழுதப் போதாது.

தூரம்தான் சங்கதி என்றால் சீட்டிலேயே 40 செ.மீ. என்று எழுதிவிடலாமே? ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் லென்ஸுகளை அவற்றின் குவிய தூரத்தைக் கொண்டு அங்குலக் கணக்கில் குறித்தார்கள். பாரீஸ் அங்குலம் 27 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் அதிகம், ஆங்கில அங்குலம் 25.4 மில்லிமீட்டர். ஒரே எண் போட்ட லென்ஸ் ஊருக்கு ஊர் வேறாக இருந்தது. 1872இல் பிரெஞ்சுக் கண் மருத்துவர் ஃபெர்டினாண்ட் மொனுவாயே, ஒரு மீட்டரைக் குவிய தூரத்தால் வகுத்து அதையே எண்ணாக வைத்துக்கொள்ளலாம் என்று சொன்னார். அதுதான் டையாப்டர்.

அங்குலக் குழப்பம் தீர்ந்ததைவிடப் பெரிய லாபம் கூட்டலில் கிடைத்தது. 50 செ.மீ. லென்ஸையும் 33 செ.மீ. லென்ஸையும் ஒட்டிவைத்தால் என்ன தூரம் வரும்? மனக்கணக்காகச் சொல்வது கஷ்டம். +2உம் +3உம் சேர்ந்தால் +5 என்று யாரும் சொல்லிவிடுவார்கள்; 100 ÷ 5, 20 செ.மீ. பரிசோதனையின்போது மூக்கின் மேல் சட்டத்தை மாட்டி, "இப்ப தெளிவா இருக்கா, முன்னாடி தெளிவா இருந்துதா?" என்று வில்லை மேல் வில்லையாகச் செருகுகிறார்களே, அவர்கள் செய்வது இந்தக் கூட்டல்தான்.

இந்தக் கூட்டலைத் தவறவிட்டால் ப்ளஸ் சீட்டு குழப்பிவிடும். ஐம்பதைத் தாண்டிய ஒரு தம்பதியை எடுத்துக்கொள்வோம். கணவருக்குத் தூரத்துக்கு −2.50. மனைவிக்குத் தூரத்துக்கு +1.00. இருவர் சீட்டிலும் கீழே 'ஆட்' என்ற இடத்தில் +2.00. இது வெள்ளெழுத்துக்காகச் சேர்ப்பது. வயதாக ஆகக் கண்ணுக்குள் இருக்கும் வில்லை இறுகி, கிட்டத்தைப் பார்க்கத் தன்னை உருட்டிக்கொள்ளும் திறன் குறைகிறது. அந்தக் குறையை ஈடுகட்ட வெளியிலிருந்து கொடுக்கும் ப்ளஸ்தான் ஆட்.

மனைவியின் படிக்கும் லென்ஸ் +1.00உம் +2.00உம் சேர்ந்து +3.00. உடனே 100ஐ 3ஆல் வகுத்து, 33 செ.மீ.யில்தான் புத்தகம் பிடிக்க வேண்டும் என்று நினைக்கத் தோன்றும். அந்த லென்ஸைத் தனியாக எடுத்தால் அதன் குவிய தூரம் 33 செ.மீ. என்பது சரிதான். ஆனால் அந்த மூன்றில் ஒன்று அவர் கண் வைத்திருக்கும் பழைய கடனுக்குப் போய்விடுகிறது. தூரத்தைப் பார்க்கவே அந்தக் கண்ணுக்கு +1.00 வேண்டியிருக்கிறது. மீதி இரண்டுதான் படிப்புக்கு. 100 ÷ 2 = 50. கண்ணைச் சற்றும் சிரமப்படுத்தாமல் அவருக்குத் தெளிவாகத் தெரியும் இடம் 50 செ.மீ.

கணவருடைய படிக்கும் லென்ஸ் −2.50உடன் +2.00 சேர்ந்து −0.50. வெறும் கண்ணாடிபோல இருக்கும். ஆனால் அவருக்கும் அதே 50 செ.மீ.தான். அந்த வயதிலும் கண்ணில் கொஞ்சம் உருட்டும் திறன் மிச்சமிருக்கும். அதிலிருந்து அரை டையாப்டரை இருவரும் செலவழித்தால் 2.50 ஆகிறது, நாளிதழ் 40 செ.மீ.க்கு வந்துவிடுகிறது. +3.00 லென்ஸும் −0.50 லென்ஸும் ஒரே இடத்தில் நாளிதழைத் தெளிவாக்குகின்றன. படிக்கும் தூரத்தைச் சொல்வது ஆட் எண் மட்டும்தான்.

கணவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு வெறுங்கண்ணால் நாளிதழ் படிப்பதன் ரகசியமும் இதுவே. கழற்றினால் அவருடைய எல்லை 40 செ.மீ., நாளிதழ் இருப்பதும் அங்கேதான். மனைவிக்கு அந்தச் சலுகை இல்லை. கடைத்தெருவில் ஆயத்தமாக விற்கும் +2.00 படிப்புக் கண்ணாடியை அவர் வாங்கி மாட்டினால் கடன் போக மிஞ்சுவது +1.00. அவருடைய சொகுசான இடம் 100 செ.மீ.க்கு ஓடிவிடும். கை நீட்டிப் படிப்பார், தலை வலிக்கும், கண்ணாடி மட்டம் என்பார். கண்ணாடியில் குறையில்லை.

கம்ப்யூட்டர் திரையில் இருவரும் ஒன்றாக மாட்டிக்கொள்கிறார்கள். திரை ஏறக்குறைய 65 செ.மீ. தள்ளி இருக்கிறது. ஆட் +2.00இன் எல்லை 50 செ.மீ. அதற்கு அப்பால் உள்ளதை அந்தக் கீழ்ப்பகுதி வழியாகத் தெளிவாகப் பார்க்க முடியாது. கண்ணால் ப்ளஸைக் கூட்டிக்கொள்ள முடியுமே தவிர, லென்ஸ் கொடுத்ததைக் கழிக்க முடியாது. அதனால்தான் மோவாயைத் தூக்கியபடி திரையை நோக்கி முகத்தை நீட்டுகிறார்கள். 100 ÷ 65 என்பது ஒன்றரை. ஆட் +1.25 ஆக இருந்தால் எல்லை 80 செ.மீ., திரை அதற்குள் அடங்கும். கண்ணாடி எழுதப் போகும்போது திரையின் தூரத்தை அளந்துகொண்டு போய்ச் சொல்வது பாதி வேலையை முடித்துவிடும்.

ப்ளஸ் லென்ஸின் குவிய தூரத்தை நேரடியாகவே அளக்கலாம். இருட்டான அறையில், ஜன்னலுக்கு எதிர்ச்சுவரில், தூரத்துக் கட்டடத்தின் பிம்பத்தை விழவையுங்கள். தலைகீழாக, கூர்மையாக விழும் இடத்தில் லென்ஸுக்கும் சுவருக்கும் இடையே +2.00 என்றால் 50 செ.மீ. இருக்கும். சூரியனை வைத்து மட்டும் செய்ய வேண்டாம், கண்ணும் கெடும் காகிதமும் எரியும். அறைக்குள் இரண்டு மீட்டர் தள்ளி எரியும் டியூப் லைட்டை வைத்துப் பார்த்தால் கணக்கு பிசகும். அதன் ஒளி விரிந்தே வருவதால் லென்ஸின் அரை டையாப்டர் அதை நேராக்குவதிலேயே தீர்ந்துவிடும். மீதி ஒன்றரைக்கு 67 செ.மீ.யில் பிம்பம் விழும். மைனஸ் லென்ஸ் எந்தச் சுவரிலும் பிம்பம் தராது.

சீட்டில் 'சிலிண்டர்' என்ற கட்டத்தில் எண் இருந்தால் ஒரே லென்ஸுக்கு இரண்டு குவிய தூரங்கள் உண்டு என்று பொருள். கருவிழி எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி வளையாத கண்களுக்கு இது வேண்டும். +3.00, சிலிண்டர் −1.00, ஆக்ஸிஸ் 90 என்று இருந்தால் மேல்கீழாக +3.00, குறுக்காக +2.00. அதே சுவர்ச் சோதனையில் எதிர்க் கட்டடத்தின் மாடி விளிம்பு 33 செ.மீ.யில் கூர்மையாகும், அதன் தூண்கள் 50 செ.மீ.யில் கூர்மையாகும். இரண்டும் சேர்ந்து தெளிவாகவே ஆகாது. பிம்பம் எங்கேயும் கூர்மையாக விழவில்லை என்று கையை விடுவதற்குமுன் சிலிண்டர் கட்டத்தைப் பார்த்துவிட வேண்டும்.

இத்தனை நேரமும் கண்ணாடி கண்ணோடு ஒட்டி இருப்பதுபோலவே பேசினோம். அது ஏறக்குறைய 12 மில்லிமீட்டர் தள்ளித்தான் உட்காருகிறது. −2.50க்கு இது பொருட்டில்லை: கண்ணிலிருந்து 41.2 செ.மீ., வகுத்தால் 2.43, கால் கால் படியாகப் போகும் எண்களில் அதுவும் இரண்டரைதான். −10.00க்குப் பொருட்டு உண்டு. கண்ணாடியிலிருந்து 10 செ.மீ. என்பது கண்ணிலிருந்து 11.2 செ.மீ. 100ஐ அதனால் வகுத்தால் 8.93. எனவே அவருக்குக் காண்டாக்ட் லென்ஸ் எழுதும்போது −9.00 என்று எழுதுவார்கள். பவர் குறைந்துவிட்டது என்று அவர் சந்தோஷப்பட அதில் ஒன்றுமில்லை. அதே கண்ணாடி மூக்கில் இன்னும் 5 மில்லிமீட்டர் இறங்கினால் அந்த இடத்திலிருந்து −10.50 தேவைப்படும். வியர்வையில் வழுக்கும் கண்ணாடியைத் தடித்த லென்ஸுக்காரர் விரலால் தள்ளித் தள்ளி ஏற்றுவது அந்த அரை டையாப்டருக்காகத்தான்.