மார்ச் 31-இல் கிடங்கில் இருக்கும் நூலுக்கு என்ன விலை?

நூற்பாலையில் ஆண்டுத் தொடக்கத்திலேயே ஒரு கிலோ நூலின் அடக்கவிலை இவ்வளவு என்று நிர்ணயித்துவிடுவார்கள். இதுதான் ஸ்டாண்டர்ட் காஸ்ட். ஆண்டு முழுக்க நூல் இந்த விலையில்தான் கணக்கில் ஏறும். உண்மைச் செலவு கூடினாலும் குறைந்தாலும் வேறுபாடு தனிக் கணக்கில் சேரும். மார்ச் 31 அன்று அந்தத் தொகைக்கு ஒரு வழி செய்தாக வேண்டும்.

ஓர் ஆலையைக் கற்பனை செய்துகொள்வோம். நிர்ணயித்த விலை கிலோ 250 ரூபாய். உற்பத்தி 10 லட்சம் கிலோ. அதில் 8 லட்சம் விற்றது, 2 லட்சம் கிடங்கில் இருக்கிறது. உண்மைச் செலவு கிலோவுக்கு 260 ரூபாய் ஆகிவிட்டது. ஆக, 1 கோடி ரூபாய் கூடுதல்.

முழுத் தொகையையும் விற்ற நூலின் அடக்கவிலையில் ஏற்றினால் ஒரே பதிவில் வேலை முடிந்துவிடும். ஆனால் கிடங்கு நூல் 250 ரூபாயிலேயே நிற்கும். அதற்கான செலவையும் இந்த ஆண்டு லாபமே சுமக்கும். விகிதப்படி பிரித்தால் 80 லட்சம் விற்ற நூலுக்கு, 20 லட்சம் இருப்புக்கு. இந்த ஆண்டு லாபம் முதல் வழியைவிட 20 லட்சம் கூடும். அடுத்த ஆண்டு அந்த நூல் விற்கும்போது அதே 20 லட்சம் செலவாக வந்துவிடும்.

இருப்பு சொற்பமாக இருந்தால் முதல் வழியில் தவறில்லை. இங்கே உற்பத்தியில் ஐந்தில் ஒரு பங்கு கிடங்கில் இருக்கிறது. சரக்கிருப்புக்கான தரநிலையான இன்ட் ஏ.எஸ். 2, உண்மைச் செலவை ஏறத்தாழ ஒத்திருந்தால்தான் ஸ்டாண்டர்ட் காஸ்ட்டை ஏற்கிறது. அதனால் பிரிப்பதே சரி.

ஆனால் கண்ணை மூடிக்கொண்டு பிரிக்கவும் கூடாது. அந்த 1 கோடியில் 70 லட்சம் பஞ்சு விலை ஏறியதால் வந்தது, மீதி 30 லட்சம் இயந்திரப் பழுதால் ஆலை நின்ற வாரங்களின் நிலையான செலவு என்று வைத்துக்கொள்வோம். ஓடாத ஆலையின் செலவு நூலின் மதிப்பைக் கூட்டாது. அந்த 30 லட்சம் முழுவதும் இந்த ஆண்டுச் செலவுதான். வழக்கத்துக்கு மீறிய பஞ்சுக் கழிவும் அப்படியே. 70 லட்சத்தில் மட்டும் 14 லட்சம் இருப்புக்குப் போகும். நூலின் மதிப்பு கிலோ 257 ரூபாய் ஆகும். இந்தக் காரணப் பிரிவினையை ஆடிட்டர் கேட்கும் முன்பே ஆலை செய்து வைத்திருக்க வேண்டும். 1 கோடியை ஒரே வரியில் காட்டும் பட்டியலைப் பார்த்தாலே அது நடக்கவில்லை என்று தெரிந்துவிடும்.

இன்னொரு வரம்பும் உண்டு. விற்கும் செலவு போக அந்த நூலுக்குச் சந்தையில் 255 ரூபாய்தான் கிடைக்கும் என்றால், இருப்பை அதற்கு மேல் காட்ட முடியாது. கிலோவுக்கு 2 ரூபாய் வீதம் 4 லட்சத்தை இந்த ஆண்டிலேயே நட்டமாக எழுத வேண்டும்.