தேமலும் கைப்பேசியின் கண்ணும்

மும்பையில் தாராவி, மாட்டுங்கா, செம்பூர் ஆகிய பகுதிகளில் வாழும் தமிழரும், கழிமுகம் கடந்து நெருளில் குடியேறியவர்களும், தோலில் ஏதேனும் மாற்றம் கண்டால் கைப்பேசியில் படமெடுத்து ஊரிலுள்ள பழகிய மருத்துவருக்கு அனுப்புவது இன்று வழக்கமாகிவிட்டது. 2020 மார்ச் 25ஆம் நாள் வெளியான தொலைமருத்துவ நெறிமுறைகள் இவ்வகை ஆலோசனைக்கு இடமளித்தன. நோயாளியை நேரில் பார்த்தாக வேண்டுமா என்று முடிவு செய்யும் பொறுப்பை மருத்துவரிடமே விட்டன. ஆனால், அவரைச் சென்றடையும் படம் தோலை உள்ளவாறே காட்டுகிறதா என்பதே நாம் இங்கு ஆராய விரும்புவது.

நெருளில் ஒரு வீட்டில் எட்டு வயதுச் சிறுவனின் கன்னத்தில் வெளிறிய திட்டு ஒன்று தோன்றியதாக வைத்துக்கொள்வோம். இதனை நாம் தேமல் என்போம். பெரும்பாலும் அது தீங்கற்றதே. எனினும் தொழுநோயும் இத்தகைய வெளிறிய திட்டாகத் தொடங்குவதுண்டு. திட்டின் விளிம்பு எவ்வாறு உள்ளது, மேலே மெல்லிய செதில் படிந்துள்ளதா, அவ்விடத்தில் உணர்ச்சி குறைந்துள்ளதா என்று மருத்துவர் பார்ப்பார். முகத்தில் நரம்புகள் மிகுதி. ஆதலால் அங்கு நோயிருந்தும் உணர்ச்சி எஞ்சியிருக்கக்கூடும். உணர்ச்சியை எந்தப் படமும் காட்டாது. எனவே படத்தைக் கொண்டு சொல்லக்கூடியதெல்லாம் விளிம்பையும் செதிலையும் பொறுத்ததே.

சிறுவன் முன்புறக் காமிராவில் தன்னைத் தானே படமெடுக்கிறான். பல கைப்பேசிகளில் அழகூட்டும் வசதி வாங்கும்போதே இயங்கும் நிலையில் இருக்கும். அது முதலில் முகத்தைக் கண்டுபிடிக்கிறது. பின்னர், அடுத்தடுத்த புள்ளிகளிடையே வேறுபாடு சிறிதாயின் அவற்றைக் கலந்து சமன் செய்கிறது. புருவம், கண், உதடு போல வேறுபாடு பெரிதாயின் விட்டுவிடுகிறது. தேமலுக்கும் சுற்றியுள்ள தோலுக்கும் உள்ள வேறுபாடோ மிகச் சிறிது. ஆகவே கரிய மச்சம் தப்பினாலும் தப்பலாம். தேமலும் அதன் செதிலும் தப்புவது அரிது. கன்னத்தின் பூனைமயிரும் நுண்துளைகளும் மறைந்து, மெழுகுப் பொம்மை போல முகம் வழுவழுப்பாகத் தெரிந்தால் அந்தப் படம் பயனற்றது. கூகுள் நிறுவனம் 2020இல், பிக்சல் 4ஏ தொடங்கித் தன் கைப்பேசிகளில் இவ்வசதி தானாக இயங்காது என அறிவித்தது. மற்றவற்றில் நாமே Beauty என்னும் பகுதியைத் தேடிச் சுழியத்தில் வைக்க வேண்டும்.

பின்புறக் காமிராவில் எடுத்தால் தொல்லை தீர்ந்தது என்றும் கருதலாகாது. அங்கே வண்ணத் திருத்தம் காத்திருக்கிறது. குழல்விளக்கின் ஒளியிலும் மாலை வெயிலிலும் வெள்ளைத்தாள் வெள்ளையாகவே தெரிய வேண்டும் என்பதற்காகக் கைப்பேசி வண்ணங்களைச் சரிசெய்கிறது. இதில் காட்சியின் சராசரி நிறம் ஏறத்தாழச் சாம்பல் என்னும் ஊகத்திற்கும் பங்குண்டு. சிவந்த தடிப்பை மட்டும் சட்டம் நிறைய எடுத்தால், சிவப்பு ஒளியில் வந்தது எனக் காமிரா தவறாகக் கருதி அதைக் குறைத்துவிடலாம். நம் மாநிறத் தோலில் சிவப்பு பெரும்பாலும் ஊதா கலந்த பழுப்பாகவே தோன்றுகிறது. அதிலும் சிறிது குறைந்தால் அழற்சியே இல்லாதது போலாகிவிடும். ஐயமுள்ளோர் முன்கையைச் சிவப்புத் துணிமீது வைத்து ஒரு படமும், நீலத் துணிமீது வைத்து மற்றொன்றும் எடுத்துப் பார்க்கட்டும். பெரும்பாலான கைப்பேசிகளில் அதே கை இரண்டு நிறமாக வரும்!

ஆதலின் சிறுவனைச் சன்னலருகே, நேர்வெயில் படாத பகலொளியில், மின்விளக்கை அணைத்துவிட்டு நிறுத்துவது நன்று. திட்டின் ஓரமாகப் பளபளப்பற்ற வெள்ளைத்தாள் துண்டு ஒன்றைப் பிடிக்க வேண்டும். பெரிய தாளாயின் காமிரா தோலைக் கருமையாக்கிவிடும். முழு முகமும் தெரிய ஒரு படமும், ஒரு சாண் தொலைவிலிருந்து மற்றொன்றும் போதும். எடுத்ததும் தோலோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். தாள் மஞ்சளாகவோ நீலமாகவோ தெரிந்தால், தோலின் நிறமும் அவ்வாறே திரிந்திருக்கிறது எனக் கொள்ளலாம். வாட்சப்பில் அனுப்புங்கால் Document என்னும் வழியாக அனுப்பினால் படம் சுருக்கப்படாமல் செல்லும்.

மச்சத்தின் செய்தி சற்று வேறு. நம்மவரிடையே தோலின் கரும்புற்று உள்ளங்காலிலும் நகத்தடியிலும் மிகுதியாகக் காணப்படுகிறது. அங்கே முகம் இல்லையாதலால் அழகூட்டி வேலை செய்வதில்லை. ஆயினும் படத்தைக் கூர்மையாக்கும் திருத்தம் கரிய மச்சத்தைச் சுற்றி வெளிறிய வளையம் ஒன்றைப் புதிதாக உண்டாக்கக்கூடும். நிழலை வெளுப்பாக்கும் திருத்தம் கருமையையும் பழுப்பையும் ஒன்றாக்கிவிடும். மிக நெருங்கினால் சில கைப்பேசிகள் வேறு ஆடிக்குத் தாமே மாறிவிடும். அதன் நிறம் வேறு. சென்ற ஆண்டு ஒரு கைப்பேசியிலும் இவ்வாண்டு புதிய கைப்பேசியிலும் எடுத்த படங்களை வைத்து நிறம் மாறியதாகத் துணிய இயலாது. ஆனால் மச்சத்தை ஒட்டி மில்லிமீட்டர் அளவுகோல் ஒன்றை வைத்து எடுத்தால், ஆறு மில்லிமீட்டரைக் கடந்து வளர்கிறதா என்பதை இரு படங்களிலும் படித்தறியலாம். நாணயம் வைப்பதைவிட இதுவே மேல். ஒரு ரூபாய் நாணயமே வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு அளவில் வந்திருக்கிறது.